நாற்பது தலைக்கு இருநூறு கேலன்

கதவைப் பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டியதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். எடப்பாடியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னைத் தறியில் உட்கார வைத்தார்கள். இழை அறுந்திருக்குமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் துணி ஏறவில்லை. அப்பா வெறுத்துப்போய், சேலத்தில் செம்பு, குழாய் வேலை செய்யும் ஒரு பாயின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். ஈரோட்டு ரயில்வே ஷெட்டில் பாய்லர் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். பார்த்ததையே திரும்பப் பார்க்கும் என் குணம் அவர் ஒருவருக்குத்தான் பிடித்திருந்தது. ஒழுகும் குழாய் இணைப்பை நான் விட்டுவிட மாட்டேன் அல்லவா?

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். புகுந்த வீட்டில் ராட்டையில் நூல் சுற்றவும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடவும் அவள் பழகிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் எங்கள் ஜாதிச் சங்கத்தார் சேலத்தில் ஒரு விடுதி நடத்திவந்தார்கள். ஆசிரியைப் பயிற்சி படிக்கிற எங்கள் பெண்களுக்கானது அது. நாற்பது பேர் பணம் கட்டித் தங்கினார்கள். எட்டுப் பேருக்கு இலவச இடம். எட்டுப் பேரும் தாலி அறுத்தவர்கள். கால்நடையாய் நடந்து அதில் ஓர் இடம் வாங்கினேன். இரண்டு வருஷம் முடித்துச் சர்டிபிகேட் கையில் வந்துவிட்டால் அவள் ஒரு டீச்சர். வராவிட்டால் அதே ராட்டைதான். இடையில் வேறொன்றும் இல்லை.

அவளுக்கு ஒரே குறை, இழுப்பு. பனி பட்டாலும் பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தாலும் நெஞ்சு விசிலடிக்கும். விடுதியில் அதற்கு அப்போது பயமில்லை. கொல்லையில் இரண்டு அண்டாவில் தண்ணீர் காயும். சமையல்கார அம்மாள் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்து மொண்டு ஊற்றுவாள். வரிசையில் யார் நின்றாலும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் நாற்பது பேரும் எண்ணெய் வைத்து நிற்பார்கள். தேய்த்த அரப்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஆளுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். அண்டா காலியாகிக் கடைசியில் சண்டை வரும்.

அந்தச் சண்டையை ஒழிக்கத்தான் பாய்லர் வைக்கிற யோசனை வந்தது. ஓர் இடத்தில் காய்ச்சிக் குழாய் வழியாகக் குளியலறைகளுக்கு விடுவது. சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், தம்மிடம் சும்மா கிடந்த இருநூறு கேலன் செம்புப் பாத்திரத்தை மூடி போட்டுத் தருவதாகச் சொல்லி, தம் தாயார் பெயரை அதில் வெட்டவும் வைத்துவிட்டார். அடுப்பு கட்டிக் குழாய் போடும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. வேலை எங்களுக்கு என்றதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. என் தங்கை குளிக்கப்போகிற தண்ணீர் அல்லவா?

சங்கத்துச் செயலாளர் ஜவுளிக்கடைக்காரர். கணக்கில் கெட்டிக்காரர். பாய் வருவதற்கு முன்பே அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார், தப்பும் இல்லை. நாற்பத்தெட்டுத் தலை. வெள்ளிக்கிழமை தலைக்குப் பத்து கேலன். ஆக நானூற்று எண்பது. குளிக்கிற சூடு பாரன்ஹீட்டில் நூற்றைந்து டிகிரி. கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையிலும் எண்பது இருக்கிறது. அப்படியானால் இருபத்தைந்து டிகிரி ஏற்றினால் போதும். பாத்திரத்தில் நூற்று நாற்பதுக்குக் காய்ச்சி வைத்தால், ஒரு பங்கு வெந்நீரோடு கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு பச்சைத் தண்ணீர் கலக்கலாம். இருநூறு கேலன் நானூற்று எண்பதாகிவிடும். பாத்திரமும் தலையும் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திவிட்டன. அதற்குமேல் காய்ச்சினால் குழாயைத் திறக்கிற பெண்ணின் கை வெந்துபோகும் என்று பாய் சொன்னார். செயலாளர் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரிதான். ஆனால் பாத்திரத்துக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்து வரவில்லையே. சாயங்காலம் ஆள் வந்து பம்பு அடித்து மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவான். ராத்திரி முழுக்க அது திறந்த வானத்தின் கீழ் கிடக்கும். ஏற்காட்டு மலை இறங்கி வந்து உட்கார்ந்ததுபோல் மார்கழியில் சேலத்தில் ஒரு குளிர் இருக்கும். இது என் மனத்தைக் குடைந்தது. பாயிடம் சொன்னேன். அவர், "போய்ப் பாத்துட்டு வா தம்பி, பாக்காமே உனக்கு சோறு எறங்காது" என்று தம் தெர்மாமீட்டரைக் கொடுத்தார்.

மார்கழி விடியலில் மாடியேறித் தொட்டியில் விட்டேன். அறுபத்தெட்டு. எடுத்து உதறி மறுபடி விட்டேன். அதே அறுபத்தெட்டு.

பாய் புதுக் கணக்குப் போட்டார். ஒரு கேலன் பத்து பவுண்டு. ஒரு பவுண்டை ஒரு டிகிரி ஏற்ற ஒரு பங்கு சூடு. இருபத்தைந்துக்குப் பதில் இப்போது முப்பத்தேழு டிகிரி ஏற்ற வேண்டும், சூடு பாதிக்குப் பாதி கூடுகிறது. ஒரு பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர்தான் தாங்கும். இருநூறு நானூறுதான் ஆகும். வெந்நீரை எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறுவதால் அந்த நானூறும் இழுபறிதான். நாற்பத்தெட்டுப் பேருக்கு இருநூற்று ஐம்பது கேலன் பாத்திரம் வேண்டும்.

இதைச் சொல்லத்தான் செயலாளர் அறைக்குப் போனோம். விடுதி வார்டன் அம்மாளும் இருந்தார். செயலாளர் பாயின் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். மறுக்கவில்லை.

"பாத்திரத்த மாத்த முடியாதுங்க பாய். பேரு வெட்டியாச்சு" என்றார். "மானத்துக் குளிர நாம மாத்த முடியுங்களா? அதுவும் முடியாது. வெள்ளிக்கெழம எண்ணெ முழுக்க மாத்துனா பொண்ணுகள ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. பின்ன என்னதானுங்க மிச்சம்?"

பாய் தம் கணக்குத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"தல" என்றார் செயலாளர். "நானூத்தப் பத்தால வகுத்தா நாப்பது. அறுத்தவளுகளுக்கு எண்ணெ முழுக்கு ஏதுங்க? எட்டுப் பேரையும் கணக்குலிருந்து எடுத்துருங்க. சரியாப் போச்சு."

கணக்கு அப்படியே பொருந்தியது. அதுதான் பயங்கரம். எங்கேயாவது ஒரு எண் உதைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன்.

பாய் விடவில்லை. பாதிப் பேர் செவ்வாய்க்கிழமை முழுகட்டும், பாதிப் பேர் வெள்ளிக்கிழமை முழுகட்டும் என்றார். முழுகுகிற இருபதுக்குப் பத்துப் பத்து, மற்ற இருபத்தெட்டுக்கும் அன்றாட அளவு ஐந்து ஐந்து, ஆக முந்நூற்று நாற்பது. நானூறுக்குள் அடங்குகிறது, எட்டுப் பேரும் அதில் இருக்கிறார்கள். வார்டன் அம்மாள் தலையாட்டினார். செவ்வாயும் பெண்கள் முழுகுகிற நாள்தானே என்று மெதுவாகச் சொன்னார். செயலாளர் சிரித்தார். பணம் கட்டுகிற வீட்டுக்காரரிடம் போய், எட்டு அறுத்தவளுகளுக்காக உங்கள் மகள் கிழமை மாறி முழுகட்டும் என்று யார் சொல்வது, நீங்கள் சொல்கிறீர்களா என்று அம்மாளைக் கேட்டார். அம்மாள் மேஜையைப் பார்த்தார்.

நான் அப்போதுதான் பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மத்த நாள்ல தண்ணி மிச்சமாகுமுங்க. அவங்க குளிக்கிற ரூமுக்கும் ஒரு கொழாய் போட்டா..."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "அளவு வெள்ளிக்கெழமைக்குத்தானே சாமி எடுத்தது? கொழாய் இருந்தா வெள்ளிக்கெழமையுந்தான் தொறப்பாளுக. உன்ற தங்கச்சிக்கு எடம் குடுத்ததே பெருசு. போ, வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தோம். எட்டுப் பேரின் குளியலறை கொல்லைக் கோடியில் தனியாக இருந்தது. விடிந்ததும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று முன்பே பிரித்துக் கட்டியது. அதுவரை போட அளந்து வைத்திருந்த குழாயைப் பாதியில் வெட்டி, முனையில் மரை போட்டு மூடியைத் திருகினேன். ஒழுகுகிறதா என்று வழக்கம்போல் மறுபடி பார்த்தேன். ஒழுகவில்லை. கொல்லையில் இருந்த அண்டாக்களை விறகு வீண் என்று எடுத்துப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார்கள். பாய்லருக்கு மாலை போட்டுச் சுண்டல் கொடுத்தார்கள். நாற்பது பெண்கள் குழாயைத் திறந்து திறந்து மூடிச் சிரித்தார்கள்.

தங்கை எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சமையல்கார அம்மாள் அடுப்பங்கரையிலிருந்து ஒரு செம்பு வெந்நீர் கொடுத்து வந்தாளாம். ஒருத்திக்குக் கொடுத்தால் எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று அதுவும் நின்றது. குளிக்காமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்பது விடுதிச் சட்டம். அடுத்த மார்கழியில் இழுப்பு வந்தது. தையிலும் விடவில்லை. பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்திக் காட்டுகிற பரீட்சைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்த அன்று, என் தங்கை கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பேச்சு வரவில்லை. விசில்தான் வந்தது. அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். இலவச இடம் இரண்டு வருஷத்துக்குத்தான் என்றார் செயலாளர். அதுவும் சட்டம்தான். அவர் சட்டத்தை மீறி ஒன்றும் செய்யவில்லை.

அழைத்துவர நான் போன நாள் திங்கட்கிழமை. கொல்லையில் மிச்ச வெந்நீரை வடித்துவிட்டுக்கொண்டிருந்தான் அடுப்புக்காரன். பாத்திரத்தில் ராத்திரி நின்றால் களிம்பு ஏறும் என்று தினமும் வடிக்கச் சொல்லி உத்தரவு. வாழை மரத்தடியில் ஆவி பறந்தது. கையை வைத்தேன், சுட்டது. பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்ற தங்கையும் அதைப் பார்த்தாள்.

"இது எந்தக் கணக்குல போகுதுங்கண்ணா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பது பேரின் அன்றாடக் குளியலுக்கு நூறு கேலன் வெந்நீர் போதும், மீதி நூறு. அதில் இருபது இருந்தால் எட்டுப் பேரும் குளிக்கலாம், எண்பது மிச்சமும் இருக்கும். பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

புகுந்த வீட்டுக்கு அவளை நான் அனுப்பவில்லை. என்னோடும் என் பிள்ளைகளோடும்தான் இருந்தாள், என் வீட்டில் ராட்டை சுற்றினாள். மார்கழி வந்தால் நான் எல்லாருக்கும் முன்னால் எழுந்து அவளுக்கென்று ஒரு தவலை காயவைப்பேன். விரலை விட்டுப் பார்ப்பேன், மறுபடியும் பார்ப்பேன், பதமாக இருக்கும்போது கூப்பிடுவேன்.

அவள் வந்து பார்ப்பாள். "கொழந்தைகளுக்கு ஊத்துங்கண்ணா, எனக்குப் பழகிப்போச்சு" என்பாள். பிறகு கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்கும். அதன் பின்னால் அந்த விசில்.