நெல்சன் மாஸ்டரின் முப்பத்து மூன்று கிராம்

முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் ஜிம் நடத்தும் நெல்சன் மாஸ்டருக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடின வருஷம்தான் நெல்சன் முதன்முதலாக டம்பெல்லைத் தூக்கினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார். அவருக்கு ஒரே ஒரு வசனம் உண்டு, அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார்: "கணக்கு பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்."

அந்தக் கணக்கு ஜிம் சுவரிலேயே எழுதியிருந்தது. சாதா எழுத்தா? ஆயில் பெயிண்ட்! மூன்று வருஷத்துக்கு முன், சைவம் சாப்பிடுகிறவர்கள் புரோட்டீனுக்கு என்ன வழி என்று கேட்டுக்கேட்டுத் துளைத்தெடுத்ததால், ஒரு மத்தியானம் எடை மெஷினும் பருப்புப் பாக்கெட்டுமாக உட்கார்ந்து அவரே போட்ட கணக்கு. பருப்பு ஒரு கிண்ணம், 33 கிராம் புரோட்டீன். சப்பாத்தி மூன்று, 16. தயிர் இருநூறு கிராம், 7. காய்கறிப் பொரியல், 3. கூட்டினால் ஐம்பத்தொன்பது. சமைக்கிறவர் கைமணத்துக்கு ஒன்று என்று சேர்த்து அறுபது என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு தட்டு, ஆக நூற்றிருபது. யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பெயிண்டில் எழுதினால் நம் ஊரில் யார் கேட்பார்கள்?

இந்தச் சுவரை நம்பிச் சாப்பிட்டவள் சிந்துஜா. மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், துணிக்கடையில் பில் போடும் வேலை, ஐம்பத்தைந்து கிலோ எடை. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கப் போகிற குடும்பம், வீட்டு வாசலில் முட்டைகூட ஏறாது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பவர்லிஃப்டிங் போட்டி. தோளில் எண்பது கிலோ வைத்து உட்கார்ந்து எழுந்தால்தான் பெயர் கொடுப்பேன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அவள் எழுபதிலேயே மூன்று மாதம் நின்றாள்.

ஒரு கிலோ எடைக்கு ஒன்று புள்ளி ஆறு கிராம் புரோட்டீன் என்று வைத்தால் அவளுக்கு ஒரு நாளைக்கு எண்பத்தெட்டு போதும். சுவர்க் கணக்குப்படி நூற்றிருபது உள்ளே போகிறது. பிறகு சதை ஏன் ஏறவில்லை? மாஸ்டருக்கு ஒரே ஒரு பதில்தான் தெரிந்தது. பிப்ரவரி மாதம் ஒரு நாள் சாயந்தரம், இருபது பேர் நிற்கும்போது அதைச் சொல்லியும்விட்டார்.

"நீ சாப்பிடறதில்ல. சாப்ட்டேன்னு பொய் சொல்ற. பொய் சொல்றவங்களுக்கு மாஸ்டர் எதுக்கு?"

"சாப்பிடறேன் மாஸ்டர். ரெண்டு தட்டும் முழுசா."

"கணக்கு பொய் சொல்லாது."

அவள் அழவில்லை. மறுநாளும் வந்தாள். ஆனால் அன்றிலிருந்து மூலையில் நின்று தானாகவே செய்துவிட்டுப் போனாள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மாஸ்டருக்குச் சுருக்கென்று இருந்தது. அடுத்த வாரம் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆரம்பம். தவக்காலத்தில் எப்படியும் கறி கிடையாது. இந்த வருஷம் மீன், முட்டை, புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாற்பது நாளும் சுவரில் இருக்கிற தட்டைத்தான் சாப்பிடப் போகிறேன், அப்புறம் யார் பொய் என்று பார்ப்போம் என்று ஜிம்மிலேயே அறிவித்தார். சாமிக்கு நேர்ச்சையும் ஆச்சு, சிந்துஜாவுக்குப் பாடமும் ஆச்சு.

நான்காவது வாரம் கையில் டேப் வைத்துப் பார்த்தார். பதினைந்தரை அங்குலம் இருந்த கை பதினைந்தாகியிருந்தது. டேப்பை மாற்றிப் பார்த்தார். புது டேப்பும் பதினைந்து என்றது. பெஞ்சில் தொண்ணூறு கிலோவை எட்டுத் தடவை தூக்குகிறவர் ஆறாவதிலேயே கீழே பட்டறைப் பையனைத் துணைக்குக் கூப்பிடலாமா என்று யோசித்தார். ஜிம்மில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மனைவி லூர்துசெல்வி பருப்புக் கிண்ணத்தை வைத்தாள். மாஸ்டர் வழக்கம்போல எடை மெஷினில் வைத்தார். கிண்ணம் நீங்கலாக நூற்றைம்பது கிராம்.

"நூத்துக்கு இருபத்திரெண்டு. நூத்தம்பதுக்கு முப்பத்து மூணு. கரெக்டாத்தான இருக்கு?" என்று தனக்குத்தானே முனகினார்.

"எது கரெக்டு?"

"பருப்புல இருக்கற புரோட்டீன். பாக்கெட்லயே போட்டிருக்கான் பாரு."

லூர்துசெல்வி பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்திருந்த மகள்கள் லினெட்டையும் மெரினையும் பார்த்தாள்.

"ஏங்க, நாலு பேருக்கும் சேத்தே நூத்தம்பது கிராம் பருப்புதான் போட்டேன். நீங்க வாங்கியாந்த மெஷின்லதான் நிறுத்தேன். மொத்தக் குக்கருக்கே முப்பத்து மூணுதான் வரும். உங்க ஒரு கிண்ணத்துல மட்டும் முப்பத்து மூணு எப்படி வந்துது? நான் ஊத்தின தண்ணியெல்லாம் பருப்பா மாறிடுச்சா? இன்னா, ஏசு தண்ணிய திராட்ச ரசமாக்கின கானாவூர் கல்யாணமா நடக்குது இங்க?"

லினெட் சிரித்துவிட்டாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. பாக்கெட்டில் இருந்தது சமைக்காத பருப்பின் கணக்கு, கிண்ணத்தில் இருந்தது முக்கால்வாசி தண்ணீர். முப்பத்து மூன்றை நாலால் வகுத்தார். எட்டு. சப்பாத்தியிலும் அதே கூத்துதான்: சுட்ட சப்பாத்தியை நிறுத்து மாவின் கணக்கைப் போட்டிருந்தார். மூன்று சப்பாத்திக்கு மாவு தொண்ணூறு கிராம், பதினாறு இல்லை, பதினொன்று. தயிரும் காயும் மட்டும் நேர்மையாக இருந்தன. தட்டு இருபத்தொன்பது. இரண்டு தட்டு ஐம்பத்தெட்டு.

சிந்துஜாவுக்குத் தினமும் முப்பது கிராம் துண்டு விழுந்திருக்கிறது. அந்தப் பெண் சாப்பிட்டிருக்கிறாள். பாவம், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருக்கிறாள்!

மறுநாள் சாயந்தரம் அதே இருபது பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பெயிண்ட் டப்பாவோடு ஸ்டூலில் ஏறினார். சத்தமில்லாமல் மாற்றிவிடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. வாட்ஸ்அப்பில் திருட்டுத்தனமாக ஒரு மன்னிப்பும் அனுப்பிவிடலாம். ஆனால் சொன்னது எல்லார் முன்னாலும் அல்லவா?

முப்பத்து மூன்றின் மேல் வெள்ளை அடித்தார். பழைய எண் லேசாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. பக்கத்தில் புதுத் தட்டை எழுதினார். எல்லாம் சமைப்பதற்கு முன் நிறுக்கவும். பருப்பு அறுபது கிராம், 13. மாவு நூற்றிருபது, நாலு சப்பாத்தி, 14. தயிர் முந்நூறு, 10. காய், அதில் நாற்பது கிராம் சோயா உருண்டை, இரண்டும் சேர்த்து 23. ஆக அறுபது. இந்தத் தடவை கைமணம் சேர்க்கவில்லை.

ஸ்டூலை விட்டு இறங்காமலே சொன்னார்: "எல்லாரும் கேளுங்கப்பா. சிந்துஜா பொய் சொல்லல. நான் போட்ட கணக்குதான் பொய். வெந்த பருப்ப நிறுத்து வேகாத பருப்போட கணக்க எழுதிட்டேன். இந்தப் பொண்ண உங்க முன்னாடி கேவலப்படுத்தினேன். மன்னிச்சிடும்மா."

மூலையில் பாரின் அடியில் நின்றிருந்த சிந்துஜா கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எங்கம்மா மொத நாளே சொன்னாங்க மாஸ்டர். 'பாதிக்கு மேல தண்ணிடி இதுல, முப்பத்து மூணு எங்கேர்ந்து வரும்'னு. எங்க மாஸ்டர் தப்பா எழுத மாட்டார்னு நான்தான் அவங்களோட சண்ட போட்டேன். நாலு நாள் பேசக்கூட இல்ல."

நெல்சன் மாஸ்டரின் கையிலிருந்த பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நோட்டை எடுத்து, எண்பது கிலோவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவள் பெயரை எழுதினார். பிறகு, "அம்மா நம்பரக் குடு" என்றார்.