லோகநாயகி சொன்ன வலது பக்கம்

எங்கள் லோகநாயகி ஒரு பக்கத்தை முதலில் படிக்கவே மாட்டார். சுவரில் ஒட்டிவிட்டு ஆறடி தள்ளி நின்று பார்ப்பார். பிறகு தலைகீழாகத் திருப்பி ஒட்டிப் பார்ப்பார். கடைசியில்தான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிட்டே வருவார். அவர் கிட்டே வந்தாலே எனக்குத் திருத்த வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் பக்கம் போட்டவள் நான்.

அது 1994. குரோம்பேட்டையில் மாடி அறையில் எங்கள் மாத இதழ். ஆசிரியர் சம்பத் சார். பக்கம் போட ரமா என்கிற நான். அதைச் சரிபார்க்க லோகநாயகி. அஸ்தினாபுரத்துக்காரர். அப்பா நிலத்தை மனை போட்டு விற்ற பிறகும், "கையில வேலை இருந்தாதான் வாயில பேச்சு இருக்கும்" என்று வேலைக்கு வந்தவர். பேச்சுக்குக் குறைவே இல்லை.

அந்த மாதம் கோவளம் பக்கத்து மீனவர் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. துலுக்காணம், லோகு என்ற இரண்டு மீனவர்கள் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். துலுக்காணம் திரும்பவில்லை, லோகு கரை சேர்ந்தார். நான் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழாக மூன்று பத்தியாகப் பிரித்துப் போட்டிருந்தேன். லோகநாயகி பார்த்ததும், "தமிழ் வார்த்தை நீளம்டி. இவ்ளோ ஒடுக்கமா போட்டா நடுவுல எல்லாம் ஓட்டை ஓட்டையா நிக்குது பாரு" என்றார். இரண்டு பத்தியாக்கினேன். இடது பக்க அடியில், புதுப் பாராவின் முதல் வரி மட்டும் தனியாகக் கிடந்தது. அடுத்த வரியையும் இழுத்து அதைச் சரிசெய்தால், அதே பாராவின் கடைசி வரி வலது பக்க உச்சியில் போய் ஒத்தையாக நின்றது. அது லோகநாயகிக்குப் பரம எதிரி.

ஒரு வரியை இடது பக்கம் இழுக்க இடம் வேண்டும். இடது பக்கத்தின் நடுவே, லோகு சொன்னதைப் பெரிய எழுத்தில் நாலு வரியாக எடுத்துப் போட்டிருந்தோம். அதைத் தொட்டால் சம்பத் சார் விடமாட்டார். அது அவருக்குச் செல்லப் பிள்ளை. அதனால் இடது பக்கத்தில் இருந்த துலுக்காணம் படத்தின் அடிக்குறிப்பைத் தூக்கி, வலது பக்கத்து லோகு படத்தின் குறிப்போடு சேர்த்துவிட்டோம். "இடது: கடலில் மறைந்த துலுக்காணம். வலது: கரை சேர்ந்த லோகு." ஒத்தை வரி ஒழிந்தது.

ஆறடி தள்ளி நின்ற லோகநாயகி மறுபடி முகம் சுளித்தார். "ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு பக்கத்துக்கு வெளியே பாக்கறாங்க. படத்தை மாத்திப் போடு." மாற்றினேன். இரண்டு முகமும் கட்டுரையைப் பார்த்தன. அழகாகத்தான் இருந்தது. பக்கங்கள் தாம்பரத்து அச்சகத்துக்குப் போயின.

மறுநாள் காலை மீன் கூடையோடு பூவம்மாள் மாடியேறி வந்தார். லோகுவின் மனைவி. எங்களுக்கு வாடிக்கையும்கூட.

"எங்க ஆளு எந்தப் பக்கம் கீறாரு?"

"வலது பக்கம்" என்றார் லோகநாயகி பெருமையாக.

"காதாண்ட தழும்பு கீதே, அது தெரியுதா?"

லோகநாயகியின் கண் மேலே போனது. ஒவ்வொரு பக்கமும் அவர் மனதில் அப்படியே இருக்கும். தழும்பு இடது படத்தில் இருந்தது. படம் மாறியும் குறிப்பு மட்டும் மாறவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைக் கடலில் மறைந்தவர் என்று போட்டிருக்கிறோம். பூவம்மாள் எதிரிலேயே நிற்கிறார். லோகநாயகி அச்சகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஜெயவேலு அண்ணா, பன்னெண்டு பதிமூணாம் பக்கம் மெஷின்ல ஏத்திட்டீங்களா?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "இல்லம்மா, அட்டைதான் ஓடிக்கினு கீது. பேஜார் பண்ணாம சீக்கிரம் வா."

அப்பாடா என்று நான் நாற்காலியில் விழுந்தேன். "உக்காராதே" என்றார் லோகநாயகி. குறிப்புகளைப் பிரித்து அவரவர் முகத்துக்குக் கீழே போட்டேன். உடனே அந்த ஒத்தை வரி வலது பக்க உச்சிக்கு ஏறி நின்றது. அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு சம்பத் சாருக்குச் செல்லமான அந்த நாலு வரியை மூன்று வரியாக வெட்டச் சொன்னார். ஒத்தை வரி இறங்கி வந்தது. "சார் கேட்டா?" என்றேன். "நான் வெட்டினேன்னு சொல்லு."

சம்பத் சார் கேட்டார். கத்தவும் செய்தார். முழுக் கதையையும் கேட்ட பிறகு அவரே தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியைப் பூவம்மாளிடம் கொடுத்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர். அடிக்குறிப்பில் விரலை வைத்து, "இதுல இன்னா போட்டுக்கீது?" என்றார்.

லோகநாயகி படித்தார். "கரை சேர்ந்த லோகு."

"இன்னொருவாட்டி படி அக்கா."

லோகநாயகி மறுபடி படித்தார். பூவம்மாள் அன்றைக்கு நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுப் போனார்.