கொழும்பில் நின்ற சேலைகள்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏஜென்டிடம் வேலை செய்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை அக்காவுக்குச் சூரத்திலிருந்து தீபாவளிச் சேலைகள் வந்த கண்டெய்னர், கொழும்பில் கப்பல் மாறும்போது ஏற்றப்படாமல் நின்றுவிட்டது.

“நாளைக்கு வரும்னு சொல்லிவை,” என்றார் முதலாளி. அந்த ‘நாளைக்கு’ எனக்கு அலுத்துப்போயிருந்தது. அக்காவின் கடைக்கு நேரில் போனேன்.

“அக்கா, பண்டிகைக்கு முந்தின வாரம்தான் வரும். அதுவும் உறுதியில்ல.”

“அப்ப வந்து என்ன பண்றது? டெய்லருங்க இப்பவே பிளவுஸ் ஆர்டர் எடுக்கமாட்றாங்க லா.”

“சூரத்துல இன்னும் கப்பல்ல ஏத்தாத சேலைக் கட்டுங்க இருக்கே, அத விமானத்துல எடுக்கலாம். செலவு கூடும். மத்தியானத்துக்குள்ள விலை எழுதி அனுப்புறேன், பாத்துட்டுச் சொல்லுங்க.”

அக்கா திட்டவில்லை. போனை எடுத்து, வாடிக்கையாளர்களுக்குக் குரல் பதிவு செய்தார்.

“சேலை லேட்டும்மா. கொஞ்ச சேலைதான் விமானத்துல முன்னாடி வரும், விலையும் ஏறலாம். வேணாம்னா அட்வான்ஸ திருப்பித் தரேன்.”

பிறகு, உள்ளதைச் சொல்லிவிட்ட நிம்மதியில், என்னைப் போலவே அவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.