சஃபாரி சூட்டும் சிவப்புப் பெட்டியும்

எங்கள் பட்டறையின் சோற்றுப் பானை உடைந்த அன்று நான் புது சஃபாரி சூட் போட்டிருந்தேன். நாவல்பழ நிறம். அந்த நாளுக்காகவே தைத்தது. அது மட்டுமல்ல, நல்ல சேதி வரப்போகிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் மதியம் பிரியாணி என்று முதல் நாளே அறிவித்தும் இருந்தேன். நாலு புத்தகம் படித்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு வாக்கியத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

அந்த வாக்கியம் இதுதான்: "அடுத்த வருஷத்துப் பெட்டி விஷயமாப் பேசணும், காலையில வாங்க." டவுனில் இருந்த கலர் சோடா கம்பெனியின் கொள்முதல் அதிகாரி சொல்லி அனுப்பியது. பேச வேண்டும் என்றால் பெட்டி எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒதியம்பட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நானும் பாயும் கூட்டாக மரப்பெட்டிப் பட்டறை நடத்தினோம். பாய்க்கு வில்லியனூரில் மரம் அறுக்கும் மில். பலகை அவருடையது, வாய் என்னுடையது. மாம்பலகையை அறைந்து, உள்ளே பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு வைத்து, மூலைக்கு இரும்புப் பட்டை அடித்து அனுப்புவோம். வேறு சில்லறை வாடிக்கைகளும் உண்டு. ஆனால் கொட்டகையில் அடிக்கிற ஆணியில் முக்கால்வாசி அந்த சோடா கம்பெனிக்காகத்தான் அடிக்கப்பட்டது.

அதிகாரியின் மேசை மேல் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. குசலம் விசாரித்தார். டீ வந்தது. பிறகு அந்தப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து வைத்து, "ஏறி நில்லுங்க" என்றார்.

ஏறினேன். இன்று வரை ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. சஃபாரி சூட்டோடு அதன் மேல் நின்றேன். அது முனகக்கூட இல்லை. எங்கள் பெட்டியாக இருந்தால் மரியாதைக்காவது ஒரு 'கிறீச்' போட்டிருக்கும்.

"இனிமே இதுதான்" என்றார் அவர். இப்போது கையிலிருக்கும் ஆர்டரை முழுசாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு சரி.

நான் இன்னும் பெட்டி மேலேயே நின்றுகொண்டிருந்தேன். காதுக்குள் ஈ புகுந்த மாதிரி ஒரு சத்தம். அந்த நிலையிலும் ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டேன்: "எங்க பெட்டியில ஏதாவது குறையா சார்?"

"சேச்சே. மரம் ஊறிப்போவுது, ஆணி துரு ஏறுது, கழுவ முடியல. அது மரத்தோட குணம். உங்க ஆளுங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல."

மூலக்குளம் தாண்டும் வரை பஸ்ஸில் நான் டிக்கெட் வாங்கவில்லை என்பதைக் கண்டக்டர் இரண்டு தரம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பட்டறை வாசலில் பாய் பிரியாணி தேக்ஸாவை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சுத்தியல் சத்தம். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னாபா, ரெட்டிப்பா?"

"இனிமே வேணாமாம் பாய்."

"இன்னா வேணாமாம்?"

"பெட்டி."

பாய் தேக்ஸா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்த மூடியால் விசிறிக்கொண்டார்.

"எதுவும் சொல்லாத" என்றார் கடைசியில். "துன்னட்டும். சந்தோஷமா துன்னட்டும். நாளைக்கு, நாளான்னிக்கு, மெல்ல சொல்லலாம்."

என் யோசனை அதைவிட மோசம். வேறு வாடிக்கை பிடிக்கும் வரை யாருக்கும் மூச்சு விடக் கூடாது. இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். அப்போதுதான் பாய்க்கு லாரி ஞாபகம் வந்தது.

சோடா கம்பெனி லாரி மதியம் பெட்டி ஏற்ற வரும். டிரைவருக்குச் சேதி தெரியாமல் இருக்காது. அவர் சொன்னால் சாயங்காலத்துக்குள் கிருமாம்பாக்கம் வரை போய்விடும். அங்கே இன்னொரு பெட்டிக் கொட்டகை இருந்தது. அதன் முதலாளி எங்கள் ஆணி அடிக்கிறவர்களை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஆள் போய்விட்டால், புது ஆர்டர் கிடைத்தாலும் அடிக்கக் கை இருக்காது. வாடிக்கை போனால் பட்டறை நொண்டும். ஆளும் போனால் செத்துப்போகும்.

"நம்ம வாயால சொன்னாதான் உண்டு பாய்" என்றேன். "லாரி வரதுக்குள்ள."

"நீயே சொல்லு. எனுக்கு அழுகை வந்துரும்."

உள்ளே போனேன். ஆணி அடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம். ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, கையில் வாங்கி அடிப்பார்கள். அதனால் வேலை நேரத்தில் கொட்டகையில் பேச்சே இருக்காது. சுத்தியல் ஓய்ந்ததும் அத்தனை பேரும் என் சூட்டைப் பார்த்தார்கள். வாயில் ஆணியோடு சிரித்தார்கள். முன்வரிசையில் மேஸ்திரி. பக்கத்தில் பலகை அடுக்கும் அக்கா. கொட்டகையில் வாயில் ஆணி இல்லாத ஒரே ஆள் அந்த அக்காதான். அதன் பலனை நாங்கள் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

வாசலிலிருந்து உள்ளே வருவதற்குள் மனசில் ஒரு பிரசங்கம் தயார் செய்திருந்தேன். புயல், மரக்கலம், மாலுமி எல்லாம் அதில் உண்டு. வாயைத் திறந்தேன். மரக்கலம் கரையிலேயே மூழ்கிப்போய், மிச்சம் இருந்தது மட்டும் வெளியே வந்தது.

"சோடா கம்பெனி இனிமே நம்ம பெட்டி வாங்க மாட்டாங்க. பிளாஸ்டிக் பெட்டிக்குப் போயிட்டாங்க."

யாரும் அசையவில்லை. ஆணிகள் வாயிலேயே இருந்தன. கோமாளிச் சூட்டில் வந்து ஏதோ வேடிக்கை பண்ணுகிறான் என்று சிலர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வெளையாட்டு இல்ல. நானே அந்தப் பெட்டி மேல ஏறி நின்னு பார்த்துட்டு வரேன்."

மேஸ்திரி உள்ளங்கையை வாயருகே வைத்து ஆணிகளைத் துப்பினார். தகர டப்பாவில் போட்டார். அந்தச் சத்தம் ஒவ்வொரு டப்பாவாகக் கொட்டகையின் கோடி வரை போனது. என் வாழ்நாளில் அதைவிடப் பயங்கரமான சத்தம் நான் கேட்டதில்லை.

"கையில இருக்கற ஆர்டர முழுசா எடுத்துக்குவாங்க. அது முடியற வரைக்கும் வேலையும் உண்டு, கூலியும் உண்டு. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அதுக்கப்புறம் இன்னான்னு எனக்குத் தெரியாது. நாளையிலேர்ந்து பாயும் நானும் மத்த எடமெல்லாம் போய்க் கேக்கப்போறோம். சனிக்கிழமை இதே எடத்துல நின்னு இன்னா ஆச்சுன்னு சொல்றேன். ஒண்ணும் ஆவலன்னா, ஒண்ணும் ஆவலன்னும் சொல்றேன்."

இன்னொரு வாக்கியம் சேர்க்கலாமா என்று பார்த்தேன். இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"எங்கள கைவிட்ருவீங்களா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மாட்டேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. "அத இன்னிக்குச் சொன்னா பொய்யாப் போயிரும்" என்றேன். "யாரயாவது நிறுத்தற மாதிரி இருந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன். லாரிக்காரர் சொல்லித் தெரிஞ்சுக்கற மாதிரி விட மாட்டேன்."

மேஸ்திரி தலையைக் குனிந்தபடி கேட்டார். "அன்னிக்கு அவங்க லோடுமேன் கையக் கிழிச்சுதே ஒரு ஆணி, அது நான் அடிச்சது சார். அதுனாலதான?"

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோதுதான், பெட்டி மேல் நின்று கேட்ட கேள்விக்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது.

"இல்ல மேஸ்திரி. நான் கேட்டுட்டேன். ஆளுங்க வேலையில ஒரு குத்தமும் இல்லன்னு அவரே சொன்னாரு. மரம் ஊறுதாம், ஆணி துரு ஏறுதாம். மரத்தோட குணத்துக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அப்போது அக்கா எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும் சார். பிரியாணி உண்டா, அதுவும் பிளாஸ்டிக்கா?"

முதலில் சிரித்தது பாய். அழுகை வரும் என்று சொன்னவர்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அடிபட்டவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிப்பானே, அந்த மாதிரி.

பாதிச் சாப்பாட்டில் லாரி வந்தது. டிரைவர் இறங்கி, சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சேதி ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும், தெரியும்" என்றாள் அக்கா. "கைய கழுவிக்கினு வந்து குந்துபா. ஆறிடப் போவுது."

மறுநாளிலிருந்து பாயும் நானும் அலைந்தோம். சூட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். முதல் சனிக்கிழமை எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக் கழற்றிப் போட்டேன். ஆனாலும் போய் நின்று, இன்ன இன்ன இடத்துக்குப் போனோம், எல்லாரும் பார்க்கலாம் என்றார்கள், 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்று சொன்னேன். ஆணி அடிக்கிறவர்களில் ஒருவர் மட்டும் அடுத்த வாரம் கிருமாம்பாக்கத்துக்குப் போய்விட்டார். சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சேதி இருந்தது. கடற்கரை மீன் வியாபாரி ஒருவர் ஐஸ் வைத்து மீன் அனுப்பப் பெட்டி கேட்டார். அடிப்பலகைக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி வேண்டும் என்றார். பிறகு பம்ப்செட் செய்கிற ஒரு கம்பெனி. பம்ப்செட் கனத்துக்குப் பிளாஸ்டிக் பெட்டி உடைந்துவிடும் என்று அவர்களே சொன்னபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாருக்கும் முழு வேலை இல்லை. யாரையும் நிறுத்துவதற்குப் பதிலாக இருக்கிற வேலையை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ராத்திரி வீட்டில் பேசிவிட்டு வந்து சரி என்றார்கள். மாம்பழக் காலம் வந்தபோது பழப்பெட்டிகள் வந்தன. கொட்டகை பழையபடி சத்தம் போட ஆரம்பித்தது. பழைய அளவுக்கு இல்லை. ஆனால் மூடவில்லை.

இதெல்லாம் அன்றைக்கு நான் பேசிய பேச்சின் மகிமை என்று எனக்குள் ஒரு எண்ணம் மெல்ல வளர்ந்து வந்தது. அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவனும் நான்தான். ஒரு நாள் பழப்பெட்டி லோடு ஏற்றிவிட்டு டீ குடிக்கும்போது, மேஸ்திரியிடம் போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"கிருமாம்பாக்கத்துக்காரர் அவ்ளோ கூப்பிட்டாரே மேஸ்திரி. ஒருத்தரத் தவிர யாரும் போவலியே. அன்னிக்கு நான் பேசினது மனசுல தச்சுடுச்சோ?"

மேஸ்திரி டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். மரியாதை தெரிந்த மனிதர். என்னைச் சங்கடப்படுத்த அவருக்கு மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் அக்கா இருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "அங்க போவ ரெண்டு பஸ் மாறணும்."