முருகனுக்குக் கொடுத்த முடி

எல்லாம் நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய சவுரியில் ஆரம்பித்தது. வைகாசியில் ஊரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். என் மகளுக்கோ மொட்டை போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போன மழையில் அவள் டெங்குவில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அவள் முடியைத் தருகிறேன் என்று திருச்செந்தூர் முருகனிடம் நேர்ந்துகொண்டேன். இடுப்பைத் தாண்டிய முடி. தீபாவளி லீவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

சவுரி நிற்க வேண்டுமென்றால் பின்னந்தலையில் சொந்த முடி ஒரு பிடியாவது வேண்டும். எனக்கு அது தெரியாமலில்லை, ஆசை கண்ணை மறைத்தது. இருந்த இரண்டு விரற்கடை முடியில் கொண்டை ஊசிகளைக் குத்திக் குத்தி மாட்டினேன். அவள் திரும்பியதும் சவுரி தொப்பென்று தரையில் விழுந்தது. அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சிரிக்காதட்டி! தெனமும் தலைக்கு எண்ணெ வை, கல்யாணத்துக்குள்ள வளந்துரும்.”

மறுநாள் என் டிபன் பையில் ஒரு கடுதாசி இருந்தது.

வேலைக்குப் போக சயானில் ட்ரெயின் ஏறி விக்ரோலியில் இறங்குவேன். காலையில் அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். தமிழைத்தான் எழுதியிருந்தாள், ஆனால் இந்தி எழுத்தில். தாராவியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எனக்கு இந்தி எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். மராத்திக்கும் அதே எழுத்துதான்; பக்கத்திலிருந்த மராத்திக்காரி எட்டிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள், ஒரு சொல்லும் புரியாமல் என்னை முறைத்தாள். எனக்குப் புரிந்தது.

“எம்மா, நேர்ல சொன்னா நீ கத்துவே, நானும் கத்துவேன். அதான் எழுதுதேன். எனக்கு முடி வளக்க வேண்டாம், இப்படியே வச்சிக்கிடுதேன். காலைல தண்ணி வார கொஞ்ச நேரத்துல என் தலைக்கே ரெண்டு பக்கெட் போவும். மழைல பின்னுன சட சாயங்காலம் வர காயாது, நாறும். ட்ரெயின்ல யாரு பையிலயாவது மாட்டி இழுக்கும். இப்ப துண்டால தொடச்சாப் போதும். கண்ணாடில பாத்தா எனக்கு என்னயப் பிடிக்கு. நான் காய்ச்சல்ல கெடக்கும்போது என்ட்ட கேக்காமலே என் முடிய முருகனுக்குக் குடுத்துட்டே. அதுக்குக் கோவம் இல்ல. இப்ப வளந்தத எனக்குக் குடுத்துரு.”

காஞ்சூர்மார்க் வந்த பிறகுதான் விக்ரோலியை விட்டுவிட்டது தெரிந்தது.

முருகனோடு போட்டிக்கு வந்துவிட்டாளே என்று அன்று பூராவும் புகைந்தேன். ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான வருத்தம் வேறு. தினமும் காலையில் அவள் என் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவாள், நான் பின்னுவேன். காலேஜ் கதை, சிநேகிதி கதை எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். மொட்டைக்குப் பிறகு குளித்த கையோடு ஓடிவிடுகிறாள். முடி வளர்ந்தால் அவளும் திரும்ப வந்து உட்காருவாள் என்று நான் காத்துக் கிடந்தேன்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னேன். “அது உங்க ரெண்டு பேரு பாடு” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கெளம்புட்டி” என்றேன். அவள் முகம் வெளுத்தது. சவுரிக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள். நானோ அவள் கேட்டதைக் கொடுத்துவிடுவதென்று, முடி வெட்டிவிடத்தான் கூப்பிட்டேன்.

இருக்கிற முடியையும் ஒழுங்காக வெட்டிவிடாவிட்டால் அது குட்டை முடியாக நிற்காது, காதுக்கு மேல் சிலுப்பிக்கொண்டு நிற்கும். லேடீஸ் பார்லர்க்காரி இவ்வளவு குட்டையாக எனக்கு வெட்டத் தெரியாது என்று கைவிரித்தாள். கடைசியில் ஆம்பிளைகள் சலூன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மகளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் பீய்ச்சியபடி சலூன்காரர் என்னைப் பார்த்தார்.

“கித்னா சோட்டா, தாயி?” எவ்வளவு குட்டையாக, அக்கா என்று.

வாய்வரை பதில் வந்தது. விழுங்கிக்கொண்டு, “உஸ்கோ பூச்சோ” என்றேன். அவளைக் கேளுங்கள் என்று. கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல, உச்சியில் முடியை விரலிடுக்கில் தூக்கித் தூக்கி நறுக்கினார். பக்கங்களில் சீப்பைப் படுக்கவைத்து அதன் மேலேயே கத்தரியை ஓட்டினார். பின்கழுத்தை மட்டும் மெஷினால் வழித்தார். மாதாமாதம் வரவேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில் வால் முளைக்கும் என்றார். அழகாகத்தான் இருந்தாள். சொல்லவும் செய்தேன்.

சவுரியை நானே வைத்துக்கொண்டேன். என் கொண்டைக்கும் கொஞ்சம் ஆள்பலம் தேவைதான்.

மறுநாள் காலை டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தவள் எண்ணெய்ப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். அந்த முடிக்கு நாலு சொட்டு போதும், ஒரு தேய்ப்பில் முடிந்தது. நான் கையை எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“எம்மா, நேத்து காலேஜ்ல என்ன ஆச்சு தெரியுமா?” என்றாள்.