மன்னிப்புக்கு ஒரு முகம்

மட்டக்களப்பில் இறால் பதனிட்டு விற்கும் கம்பனியொன்றின் முகநூல் பக்கத்தை நடத்துவது என் வேலையாக இருந்தது. சுனாமி நினைவு நாளுக்கு லீவு கேட்டபோது, கைக்குழந்தையாயிருந்த தம்பியைக் கடல் கொண்டுபோனதை முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.

நினைவு நாளன்று காலை வாகரைக் கடற்கரையில் அம்மாவோடு தீபம் ஏற்றிக்கொண்டிருந்தபோது முகாமையாளர் அழைத்தார். வருட இறுதி விற்பனைக்கென்று அவர் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த போஸ்ட் தானாக வெளியாகியிருந்தது. பெரிய அலையொன்றில் இறால்கள் துள்ளின. 'அலை வருது! அள்ளிக்கொள்ளுங்கள்!'

"அழிச்சிரட்டா?"

"சும்மா அழிச்சா ஒளிக்கிறம் எண்டுதான் சொல்லுவாங்க, சேர். ஸ்கிறீன்ஷொட் எல்லா இடமும் போயிருக்கும். மற்றப் போஸ்டையும் விளம்பரங்களையும் முதல்ல நிப்பாட்டுங்க. பிழை எங்கட எண்டு ரெண்டு வரி போட்டுட்டு எடுங்க. ஒருத்தரும் சனத்தோட வாதாட வேணாம்."

மணலில் இருந்தபடியே மிச்சத் திட்டத்தையும் போனில் எழுதி அனுப்பினேன். முதலாளி தன் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சாட்டு எதுவும் சொல்லக் கூடாது, போட்ட மன்னிப்பை அழிக்கக் கூடாது. பின்னேரம் கம்பனிக் கந்தோருக்குப் போனேன். முதலாளி திட்டத்தை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னா ஏசுவாங்க. நீ தம்பியக் கடலுக்குக் குடுத்தவள். நீ சொன்னா கேப்பாங்க."

"அது மன்னிப்பில்ல, சேர். நான் மாட்டன்."

"சரி, போ" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீடு சேருமுன்னரே போஸ்ட் வந்துவிட்டது. என் சொந்த முகநூல் பக்கத்திலிருந்து எடுத்த படம். அதில் நான் தீபத்தோடு அழுதுகொண்டிருந்தேன். 'சுனாமியில் தம்பியை இழந்த எமது சகோதரியின் வேதனை எமதும்தான். மன்னித்துவிடுங்கள்.' கீழே சனம் இதயக்குறிகளாக இட்டுக்கொண்டிருந்தது. காலையில் திட்டியவர்களே, நல்ல மனசுள்ள கம்பனி என்று எழுதியிருந்தார்கள்.

முகாமையாளரை அழைத்துக் கத்தினேன்.

"இத எடுங்க, சேர்!"

"மன்னிப்ப அழிக்கக் கூடாதெண்டு நீங்கதானே எழுதினீங்க, தங்கச்சி? நல்லாத்தானே வேலை செய்யுது."

'என்னைக் கேளாமல் போட்டது' என்று அதன் கீழே எழுதினேன். அதை மறைத்துவிட்டார்கள். எனக்கும் என் நண்பர்களுக்கும் தவிர வேறெவருக்கும் அது தெரியவில்லை.

வீட்டில் அம்மாவின் கையில் போன் இருந்தது. அயலவர் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"உன்ட தம்பிய வெச்சா புள்ள இறால் விக்கிறாய்?"

"நான் போடல்லம்மா. மாட்டனெண்டுதான் சொன்னன்."

"படம் உன்டதானே?"

அடுத்த நாள் வேலையை விட்டேன். பதிலுக்கு முதலாளி நன்றி சொல்லி, சிரிக்கும் முகமொன்றையும் அனுப்பியிருந்தார். அந்த மாதம் விற்பனை குறையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருட நினைவு நாளுக்கு அம்மா விடியுமுன் தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டாள். என்னை எழுப்பவில்லை.