கண்ணாடிக் கதவும் நன்னடத்தைப் பிணையும்

சிக்கல் ஊர்த் தச்சர் மூக்கையாவின் கைக்கு இரண்டு விதமான பெயர் இருந்தது. அலமாரிக் கதவு எவ்வளவு முரண்டு பிடித்தாலும் அந்தக் கை வழிக்குக் கொண்டுவந்துவிடும் என்பது ஒன்று. எதிர்த்துப் பேசியவன் பல்லை உதிர்த்துவிடும் என்பது மற்றொன்று. கடலாடி மரக்கடைக்காரருக்கு இரண்டு பற்கள் போயின. மைத்துனன் அய்யப்பனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு கோட்டாட்சியர் முன்னிலையில் ஓராண்டுக்கு நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் யார் மீதாவது கை வைத்தால் மிச்ச நாளைச் சிறையில் கழிக்க வேண்டும். பதினொரு மாதம் பல்லைக் கடித்து ஓட்டியாயிற்று. இன்னும் இருபத்தாறு நாள்.

அந்த நிலையில்தான், துபாயில் வேலை பார்த்துப் போன வாரம் கீழக்கரை வீட்டுக்குத் திரும்பியிருந்த சதக்கின் அழைப்பு வந்தது. வாசற்படி ஏறிய மறுகணம் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"ஏலே மூக்கா! நீ பாத்துட்டுப் போன கதவு எம்புள்ள மேல விழுந்து கெடக்குடா!"

மகள் லாமியாவுக்குத் தோளெலும்பு விரிசல் விட்டிருந்தது. தூளிக்கட்டுப் போட்ட கையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கையாவின் விரல்கள் தாமாக மடங்கின. அவற்றைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"கதவப் பாக்கணும், பாய். பாத்துட்டு அடிங்க."

அலமாரியில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஆளுயரக் கண்ணாடிக் கதவு, நாற்பது கிலோவுக்குக் குறையாது. லாமியாவின் தோளில் இடித்துக் கட்டில் மெத்தையில் விழுந்ததால் கண்ணாடி தப்பியிருந்தது. மூக்கையா கதவு ஓடும் கீழ்த் தடமான டிராக்கில் விரலை ஓட்டினார். கருப்பாக, பிசினாக ஒட்டியது. கடற்காற்று கொண்டுவந்த மணல், தேங்காய் எண்ணெயில் குழைந்து கட்டியாகியிருந்தது.

"எண்ணெ ஊத்துனீகளா?"

"இழுக்க மாட்டேங்குதுன்னு நாந்தேன் ஊத்துனேன்" என்றாள் சதக்கின் மனைவி காலிதா.

"பாத்தியா, இப்பப் பழிய வீட்டுப் பொம்பள மேல போடுறான்!" சதக்கின் முழங்கை விலாவில் இடித்தது. மூக்கையாவுக்கு மூச்சு நின்று வந்தது.

கதவின் அடி உருளை அந்தக் கட்டியின் மேல் ஏறியிருக்கும், அது சரி. ஆனால், ஏறினாலும் கதவின் தலை நுழையும் மேல் சட்டமான சேனல் அதைப் பிடித்திருக்க வேண்டுமே? ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார். அலமாரியின் தலைப்பலகையில் தூசிக்கு நடுவே நான்கு சுத்தமான சதுரங்கள்.

"இங்கன இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

"அவுக துபாயிலருந்து கார்கோல போட்டது. தான் வந்து பிரிக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னாக. நாலு மாசம் அங்கனயே இருந்துச்சு. போன வாரம் வந்து பிரிச்சாக" என்றாள் காலிதா.

மூக்கையாவுக்கு விளங்கிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் அவர் வந்தபோது அந்தப் பெட்டிகளின் பாரத்தில் தலைப்பலகை தொய்ந்து கதவின் தலையை அழுத்திக்கொண்டிருந்தது. பெட்டிகளை இறக்கச் சொல்லாமல், அடி உருளைகளின் திருகைத் தளர்த்திக் கதவைத் தாழ்த்திவிட்டுப் போனார். பாரம் போனதும் பலகை நிமிர்ந்தது. சேனலும் மேலே போயிற்று. கதவின் தலை அதில் நகக்கண் அளவுக்குத்தான் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

டிராக்கை உலர்ந்த தூரிகையால் சுரண்டி, பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். உருளை அச்சில் சுற்றியிருந்த முடியைப் பிளேடால் அறுத்தெடுத்தார். பிறகு கதவைத் தூக்கித் தலையை மேல் சேனலுக்குள் செலுத்தினார். அடியை உள்ளே தள்ளுவதற்கு முன், முழுப் பாரமும் இரு கைகளில் இருக்கும்போதே சொன்னார்:

"தப்பு என்னுதுதான், பாய். பெட்டிய எறக்காம அளவு வச்சுட்டேன்."

அடுத்த கணம் சதக்கின் முஷ்டி அவர் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. கதவு ஆடிச் சதக்கின் பக்கம் சாய்ந்தது.

கையை விட்டால் போதும். நாற்பது கிலோ கண்ணாடி அந்தத் தலையில் இறங்கும். கதவு விழுந்ததை எந்த அதிகாரியும் அடிதடி என்று எழுத மாட்டார். பிணைப் பத்திரத்தில் கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கண்ணாடிக்குள் சதக்கின் முகமும் கூடத்தில் தூளிக்கட்டோடு நின்ற லாமியாவின் முகமும் தெரிந்தன.

"தள்ளி நில்லுய்யா!" என்று உறுமினார். "விழுந்தா மண்டை செதறிரும்!"

சதக் சுவரோடு ஒட்டினார். கதவின் அடி டிராக்கில் உட்கார்ந்தது. மூக்கையா மண்டியிட்டு, இரு உருளைத் திருகுகளையும் மாறி மாறித் திருகிக் கதவை உயர்த்தினார். பக்கப் பலகையோடு உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வந்தது. தலை சேனலுக்குள் நன்றாக ஏறியது. தடுப்புக் கிளிப்பைத் தட்டி இறக்கினார். உதட்டிலிருந்து டிராக்கில் சொட்டிய ரத்தத்தைத் துணியால் ஒற்றினார்; காய்ந்தால் அதுவும் இழுக்கும்.

ஒற்றை விரலால் தள்ளினார். கதவு ஓசையின்றி ஓடி நின்றது.

"எண்ணெ வேண்டாந்தாயி. தொடச்சாப் போதும். மேல மறுபடி பாரம் ஏத்துனா என்னயக் கூப்பிடுங்க."

பிறகு சதக்கின் பக்கம் திரும்பினார்.

"இருவத்தாறு நாளு கழிச்சு இந்த மாதிரி கைய ஓங்கிறாதீக, பாய்" என்றார் மூக்கையா. கைகளை மீண்டும் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை அவற்றை வெளியே எடுக்கவில்லை.